யாரு சமையல்?

கல்யாணப் பந்தியில் பாயசம் விட்டு, அதில் அப்பளத்தை நொறுக்கிப் பிசைந்து, இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: “யாரு சமையல்?” கேட்கிறவர் வீட்டில் தை மாதம் ஒரு முகூர்த்தம் வைத்திருப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் பக்கத்து இலைக்காரர். அவர் வாயிலும் சோறு. வெளியே நாதஸ்வரம், தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி, “சாம்பார், சாம்பார்” என்று ஓடும் பையன்கள். இந்த இரைச்சலில் ஒரே மூச்சில் சொல்லி, ஒரே தடவையில் காதில் விழுந்து, கை கழுவும் இடம் வரைக்கும் நினைவில் நிற்க வேண்டும். சமையல் கான்ட்ராக்டரின் பெயருக்கு உள்ள முதல் வேலை அதுதான்.

பாளையங்கோட்டையில் சின்னதாக ஓர் அச்சகம் வைத்திருக்கிறேன். கொட்டேஷன் புத்தகம், பில் புத்தகம், தாம்பூலப் பை, பரிமாறுகிற பையன்களின் டி-ஷர்ட், சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நிறுத்தும் பேனர் எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன். பெயரே முடிவாகாமல் வந்து, என் மேஜையில் உட்கார்ந்து முடிவு பண்ணிக்கொண்டு போனவர்கள் நிறைய. போன வருஷம் ஒரு தம்பி வந்தான். அவன் அப்பா இந்தப் பக்கத்தில் பழைய தவசிப்பிள்ளை. நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவர், பெயர்ப் பலகை என்று ஒன்று வைத்துக்கொண்டதே இல்லை. மகன் கேட்டரிங் படித்துவிட்டுத் தொழிலைப் பெரிதாக்கப் போகிறான். ஒரு தாளில் ஐந்து பெயர் எழுதி வந்திருந்தான்: ராயல் கிராண்ட் கேட்டரர்ஸ் அண்ட் ஈவென்ட்ஸ், அட்சய பாத்திரம், சுபமங்களம், தும்பை, நிறையிலை. “அண்ணாச்சி, இதுல எது நல்லாருக்கு?” என்றான். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் எழுதி வைக்கிறேன்.

செய்யுங்கள்: பெயருக்குப் பின்னால் ‘சமையல்’ என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி “யாரு சமையல்?” என்றால், பதிலும் “இன்னார் சமையல்” என்றுதான் வரும். யாரும் “இன்னார் கேட்டரிங் சர்வீசஸ் பிரைவேட் லிமிடெட்” என்று பந்தியில் பதில் சொல்வதில்லை. ராயல் கிராண்ட் கேட்டரர்ஸ் அண்ட் ஈவென்ட்ஸ் அங்கேயே விழுந்துவிட்டது. “ராயல் கிராண்ட் சமையல்” என்று ஒருத்தர் வாயிலும் வராது. “என்னமோ ராயல்னாங்க” என்று வரும். ராயல் என்று ஊருக்கு நாலு கடை இருக்கிறது: டைலர், டிராவல்ஸ், பேக்கரி. அடுத்த ஆர்டர் எந்த ராயலுக்குப் போகும் என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

பெயர் இரண்டு சொல்லுக்குள் இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு. அண்டா, தேக்சா, கரண்டி, வாளி என்று எல்லாவற்றிலும் பேர் வெட்ட வேண்டும். மண்டபத்துப் பாத்திரமும் உங்கள் பாத்திரமும் ஒரே தொட்டியில் கிடக்கும். பாத்திரம் கழுவுகிறவர்கள் ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் பிரிக்க வேண்டும். கரண்டிக் காம்பில் இரண்டு எழுத்துக்குத்தான் இடம். பெயரைச் சுருக்கினால் என்ன வருகிறது என்று முதலிலேயே எழுதிப் பாருங்கள்.

செய்யாதீர்கள்: அள்ள அள்ளக் குறையாத பாத்திரத்தைப் பெயராக வைக்காதீர்கள்.

அட்சய பாத்திரம், அமுதசுரபி, அன்லிமிடெட், காமதேனு. தாராளத்தைச் சொல்ல முதலில் நினைவுக்கு வருகிற பெயர்கள் இவை. எனக்கு இவற்றின் மேல் ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில், இப்படிக் குறையாத பாத்திரத்தின் பெயரை வைத்திருந்த ஒருவரிடம் 400 இலைக்குப் பேசியிருந்தோம். மூன்றாம் பந்தியிலேயே பாயசம் தீர்ந்துவிட்டது. என் பெரியப்பா எழுந்து நின்று சத்தமாகக் கேட்டார்: “என்னடே, திரௌபதி சாப்பிட்டுட்டாளா?” கூடமே சிரித்தது. மகாபாரதம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பாத்திரம் அன்றைக்குத் திரௌபதி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்தான் கொடுக்கும். அதன் பிறகு துர்வாசரே சீடர் கூட்டத்தோடு வந்தாலும் கிடையாது. கதையின் முடிச்சே அதுதான். பெயர் வைத்தவர் அந்த இடத்தை மறந்துவிட்டார்.

பேச்சுக்குச் சிரிப்பு, தொழிலுக்கு வழக்கு. கான்ட்ராக்ட் எப்போதும் இலைக் கணக்கில்தான். 400 பேசினால் கொஞ்சம் கூடச் சமைத்து வைப்பார்கள். 460 பேர் வந்தால் அந்த எக்ஸ்ட்ரா இலைக்குத் தனிக் கணக்கு. இது நியாயமான ஏற்பாடு. ஆனால் பில் கொடுக்கும்போது பெண் வீட்டார் கேட்பார்கள்: “பேரு அட்சயம், அறுபது இலைக்குத் தனி பில்லா?” கொட்டேஷனில் எழுதியிருப்பதைப் பெயரே எதிர்த்துப் பேசும்.

தாராளத்தைச் சொல்லும் சொற்களில் அளவுக்கு வாக்குக் கொடுக்காத சொற்களாகப் பொறுக்குங்கள். வீடு, அடுப்படி, பந்தி, விருந்து, தலைவாழை போன்றவை கை நிறையப் பரிமாறும் இடத்தைக் காட்டுகின்றன. ‘எவ்வளவு’ என்று வாய் விடுவதில்லை. ‘அன்னதானம்’, ‘சத்திரம்’, ‘தருமசாலை’ போன்ற சொற்களைத் தொடாதீர்கள். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்றும் எரிகிறது. அந்தச் சொல்லுக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் காசு கொடுத்து மகளுக்குக் கல்யாணம் பண்ணுகிறவர், தன் சம்பந்தியை இலவசச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்த மாதிரி தெரிவதை விரும்ப மாட்டார்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. மாயாபஜார் (1957) படத்துக் கல்யாண விருந்துப் பாட்டின் முதல் அடியைப் பெயராக வைக்க வருஷத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். அந்தப் பாட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்த விருந்து முழுவதையும் கடோத்கசன் ஒருத்தனே தின்று தீர்க்கிறான். விருந்தாளிக்கு மிஞ்சுவது ஒன்றும் இல்லை. இதைச் சொன்னால் சிரித்துக்கொண்டே வேறு பெயர் தேடுவார்கள். சிலர் “பரவால்ல அண்ணாச்சி, பாட்டு ஃபேமஸ்” என்று வைத்துக்கொள்ளவும் செய்கிறார்கள். அதுவும் ஒரு கணக்குத்தான். ஆனால் அதே பெயரில் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

செய்யாதீர்கள்: சுத்தத்தைச் சுத்தம் என்றே சொல்லாதீர்கள்.

‘சுத்தம்’, ‘சுகாதாரம்’, ‘ஹைஜீனிக்’, ‘நம்பிக்கை’ இவையெல்லாம் பெயரில் ஏறினால் எதிர்வேலை செய்யும். சுகாதாரம் என்றால் நம் ஆட்களுக்கு மாநகராட்சி ஞாபகம் வரும், கொசு மருந்து ஞாபகம் வரும். நம்பிக்கை என்று பலகையில் எழுதினவனைப் பார்த்தால், முன்னே என்ன நடந்ததோ என்று தோன்றும்.

சுத்தத்தை ஒரு வெள்ளைப் பொருளைக் காட்டிச் சொல்வது நம் பேச்சிலேயே இருக்கிற வழி. தும்பைப்பூ மாதிரி இட்லி, தும்பைப்பூ மாதிரி வேட்டி என்கிறோம். அதனால்தான் அந்தத் தம்பியின் பட்டியலில் ‘தும்பை’ என்பதைப் பார்த்ததும் எனக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. மூன்று எழுத்து, வெள்ளை, வீட்டுச் சொல். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் மட்டும், “தும்பைத் திணைன்னா ரெண்டு ராஜாவும் நேருக்கு நேர் மோதுற போர்ல்லா? பொண்ணு வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவுல இதை வைக்கியே” என்றார். அது வாத்தியார் கவலை. பெயர் விழுந்தது வேறு இடத்தில். அதைக் கீழே சொல்கிறேன்.

பெயருக்கு அடியில் அச்சடிக்க ஒன்று இருக்கிறது: உணவுப் பாதுகாப்பு உரிமம் அல்லது பதிவின் 14 இலக்க எண். பில்லில் அதைப் போடுவது கட்டாயம். கார்டிலும் கொட்டேஷனிலும்கூடப் போடுங்கள் என்பேன். ‘சுத்தம்’ என்று பத்துத் தடவை எழுதுவதைவிட அந்த ஒரு வரிக்கு எடை அதிகம். படித்த மாப்பிள்ளை வீட்டார் இப்போதெல்லாம் அந்த எண்ணை போனில் தட்டிப் பார்க்கிறார்கள். அங்கே தெரிகிற பெயரும் கார்டில் இருக்கிற பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

செய்யுங்கள்: போனில் சொல்லிப் பாருங்கள். தெரியாத ஒருவரிடம், சத்தம் இருக்கிற இடத்திலிருந்து.

தம்பியைப் பாளை பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினேன். அங்கே நின்றுகொண்டு எங்கள் சித்திக்கு போன் போட்டு, “நான் தும்பை சமையல்லேர்ந்து பேசுறேன்” என்று சொல்ல வேண்டும். சித்தி கேட்டாள்: “துபாய்லேர்ந்தா? யாருப்பா நீ?” இரண்டாவது தடவையும் துபாய்தான். துபாய் எண்ணிலிருந்து ஏமாற்றுக்காரன் பேசுகிறான் என்று பயந்து வைத்துவிட்டாள். தும்பை போனது இப்படித்தான்.

அடுத்தது நிறையிலை. தாளில் பார்த்தால் ஐந்தில் இதுதான் அழகு; நிறைவும் இலையும் ஒரே சொல்லில். வாய்விட்டுச் சொன்னதும் குட்டு வெளிப்பட்டது. “யாரு சமையல்?” “நிறையில சமையல்.” காதில் விழுவது: நிறைய இல்ல. ஒரு சமையல்காரனைப் பற்றி இதைவிட மோசமாக ஒரு பந்தியில் என்ன சொல்லிவிட முடியும்? ‘இலை’ என்று முடிகிற பெயர் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. பேச்சில் இலை, இல்ல என்பதன் பக்கத்திலேயே நிற்கிறது. தலைவாழை என்று நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாம்.

திரையில் தட்டியும் பாருங்கள். ழகரம் வந்தால் ஆளுக்கு ஒரு எழுத்து: Vazhai, Vaazhai, Valai. கடைசி எழுத்துக்கூட்டலை ‘வலை’ என்றும் ‘வளை’ என்றும் படிக்கலாம். எண்கணிதம் பார்த்து ஓர் எழுத்தைக் கூட்டி Vaazhaii என்று வைத்தவர் ஒருவர் எனக்கு வாடிக்கை. கூட்டுத்தொகை நல்லபடி வந்துவிட்டது. கூகுள் மேப்பில்தான் யாருக்கும் அவர் கிடைப்பதில்லை. எண்கணிதத்தை விடச் சொல்லி நான் யாரிடமும் வாதாடுவதில்லை. கூட்டுகிற எழுத்தைப் பலகையில் வைத்துக்கொள்ளுங்கள், மேப்பிலும் வாட்ஸ்அப்பிலும் ஊர் தட்டுகிற மாதிரியே போடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

செய்யாதீர்கள்: கல்யாணத்துக்கு மட்டும் பொருந்துகிற பெயரை வைக்காதீர்கள்.

சுபமங்களம் விழுந்த இடம் இது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அந்த மாதங்களில் அடுப்பு எரிவது பெரும்பாலும் பதினாறாம் நாள் காரியங்களால்தான். துக்க வீட்டு வாசலில் ‘சுபமங்களம்’ என்று எழுதின வேன் வந்து நிற்பதையும், முதுகில் ‘கல்யாண விருந்து’ என்று போட்ட பையன்கள் பரிமாறுவதையும் நினைத்துப் பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன், பையன்களை டி-ஷர்ட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மறுபக்கம் தையலும் நூலுமாக அவர்கள் பரிமாறியது இன்னும் கண்ணில் நிற்கிறது. காரிய வீட்டு ஆர்டரே எடுப்பதில்லை என்று முடிவு செய்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் போய் நிற்கக்கூடிய பெயராகப் பாருங்கள்.

சாமி பெயர் இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் அடுப்பில் என்ன வேகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முருகன் பெயரை வைத்துவிட்டு மட்டன் பிரியாணி அண்டாவை இறக்கினால் ஊர் முகம் சுளிக்கும். அதே ஊர் முனியாண்டி விலாசில் கறிச்சோறு தின்னும். மதுரைப் பக்கம் வடக்கம்பட்டியில் முனியாண்டி கோவில் திருவிழாவுக்குப் பிரியாணிதான் பிரசாதம். அந்தச் சாமி கறி சாப்பிடும் சாமி, அதனால் பெயர் பொருந்துகிறது. சைவம், அசைவம் இரண்டும் செய்பவர்கள் சாமியை விட்டுவிடுவது நிம்மதி.

சாமி பெயரில் இன்னொரு சங்கடம், அதை உங்களுக்கு மட்டும் என்று வேலி கட்டுவது சிரமம். ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்று பெயர் கேட்ட ஒரு வழக்கில், புனித நூலின் பெயரைத் தனி ஒருவர் தன் வணிகக் குறியாக உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் சொல்லிவிட்டது.

செய்யுங்கள்: பதில் சொல்லக்கூடிய ஒரு ஆளைப் பெயருக்குள் வையுங்கள்.

கல்யாண வீட்டாரின் பெரிய பயம் ருசி இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மண்டபத்தில் அடுப்புப் பற்றுமா என்பதுதான். அட்வான்ஸ் வாங்கியவர் ஒரே முகூர்த்தத்தில் நாலு இடம் ஒப்புக்கொண்டு, நமக்கு அரைகுறை ஆட்களை அனுப்பிவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தைத் தீர்ப்பது ஓர் ஆளின் பெயர், ஓர் ஊரின் பெயர். சென்னையில் மவுண்ட்பேட்டன் மணி ஐயர் என்றும் அறுசுவை நடராஜன் என்றும் பெயர்கள் நின்றது அதனால்தான். கேட்டதும் ஒரு மனிதர் கண்ணில் தெரிகிறார். குறை சொல்ல வேண்டுமென்றால் யாரிடம் போக வேண்டும் என்றும் தெரிகிறது.

ஊர்ப் பெயர் போடுகிறவர்கள், கைப்பக்குவம் அந்த ஊருடையதாக இருந்தால் மட்டும் போடுங்கள். செட்டிநாடு என்று போட்டுவிட்டு சமோசா போட்டால் காரைக்குடிக்காரர்கள் விடமாட்டார்கள்.

பணம் வாங்கும் பெயரும் அதுவாகவே இருக்கட்டும். இதைப் பலரும் நினைப்பதில்லை. கார்டில் ஒரு பெயர். அட்வான்சுக்கு க்யூஆர் கோடைக் காட்டினால் திரையில் வருவது மச்சினன் பெயர். பணம் அனுப்ப வந்தவர் கட்டைவிரலை எடுத்துவிட்டு, “இது யாரு?” என்பார். அந்த ஒரு நொடியில் பெயர் சேர்த்து வைத்த மரியாதை பாதி போய்விடும். வங்கிக் கணக்கு, உரிமம், ஜிஎஸ்டி, பில், பலகை எல்லாம் ஒரே எழுத்தில் இருக்கட்டும். அதனால்தான் பெயரை முடிவு செய்த பிறகு கணக்குத் தொடங்குங்கள் என்கிறேன். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

பெயர் முடிவான அன்றே வணிகக் குறிப் பதிவேட்டின் இணையப் பக்கத்தில் 43-ஆம் வகுப்பில் தேடிப் பாருங்கள். சமைத்துப் பரிமாறும் தொழிலுக்கு அந்த வகுப்பு. தேடுவதற்குக் காசு இல்லை. தனியாள் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்; பதிவு 10 வருஷம் நிற்கும், பிறகு புதுப்பிக்கலாம். பின்னால் அதே பெயரில் மசாலாப் பொடி போடும் யோசனை இருந்தால் 30-ஆம் வகுப்பையும் பார்த்து வையுங்கள். ‘சுவை’, ‘கல்யாண விருந்து’ போலத் தொழிலை அப்படியே வர்ணிக்கும் பெயர்களுக்கு ஆட்சேபணை வரும். எல்லோருக்கும் பொதுவான சொல்லை ஒருவருக்கு எழுதிக்கொடுக்க மாட்டார்கள்.

அந்தத் தம்பியின் தாளில் ஐந்தும் அடிபட்டுவிட்டது. முகம் வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். “உங்கப்பாவை ஊர்ல என்னன்னு கூப்பிடுதாங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, “சொதிக்காரர்னு சொல்லுவாங்க” என்றான். திருநெல்வேலிப் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் தேங்காய்ப்பால் சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைப்பது வழக்கம். மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். அவன் அப்பாவின் கை அதற்குப் பேர் போனது. நாற்பது வருஷமாகப் பந்தியில் “யாரு சமையல்?” என்று கேட்டவர்களுக்கு ஊரே கொடுத்து வந்த பதில் அவனிடமே இருந்திருக்கிறது.

‘சொதிக்காரர்’ என்றே வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குப் பிறகு தன்னை எப்படி அப்படிக் கூப்பிடுவார்கள் என்றான், அதுவும் நியாயம். ‘சொதி வீடு’ என்று வந்து நின்றோம். “சொதி வீட்டுச் சமையல்” என்று வாயில் தடங்கல் இல்லாமல் வருகிறது. சொதியின் வெள்ளை, சுத்தத்தைக் கேட்காமலே சொல்கிறது. வீடு என்பதில் தாராளம் இருக்கிறது, அளவு இல்லை. காரிய வீட்டுக்குப் போனாலும் உறுத்தாது. இரண்டு குறை உண்டு. சென்னைக்காரர்களுக்குச் சொதி என்றால் என்னவென்று விளக்க வேண்டும். அவன் தூத்துக்குடி, தென்காசி, நாகர்கோவில் தாண்டிப் போகப்போவதில்லை என்பதால் விட்டுவிட்டோம். Sodhi என்று தட்டினால் பஞ்சாபிக் குடும்பப் பெயராக வந்து கொட்டுகிறது. அதனால் Sothi Veedu. சித்திக்கு போன் போட்டோம், அதே பஸ் ஸ்டாண்டிலிருந்து. “சொதி வீடா? நம்ம சொதிக்காரர் மகனா?” என்றாள்.

பாத்திரக் கடையில் கரண்டிக்குப் பேர் வெட்ட ‘சொ.வீ.’ என்று எழுதிக் கொடுத்தோம். அப்பா கடைக்கே வந்திருந்தார். வெட்டி முடித்த சாரணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “காம்புல வெட்டுனது சரி, பிடிக்கிற இடத்துல வெட்டாதீங்க, கையில அறுக்கும்” என்று மட்டும் சொன்னார்.